குருநாகலில் வாங்கி மட்டக்களப்பில் ஓடவிடும் காருக்கு பேப்பர் வேலை

கேள்வி: "நான் களுவாஞ்சிகுடி. குருநாகலில் ஒரு 2014 வேகன் ஆர் பார்த்திருக்கிறேன், விலை 58 இலட்சத்துக்கு இறங்கியிருக்கு. நம்பர் தகடு டபிள்யூபி. காரின் பதிவுப் புத்தகம், விற்கிறவரின் பெயரில் இல்லை, கிரிபத்கொடையில் இருக்கிற முதல் ஓனரின் பெயரில்தான் இருக்கு. லீசிங்கும் கொஞ்சம் மிச்சமாம். 'பயப்படாதீங்க, ஓபன் பேப்பர் தாறேன்' என்கிறார். இங்கே கொண்டுவந்த பிறகு ஈபி நம்பர் எடுக்கவேணுமா? பெயர் மாற்றத்தை எங்கே இருந்து தொடங்குறது?"

தம்பி, நம்பர் தகட்டை முதலில் மறந்துவிடுங்கள். இலங்கையில் வாகனத்துக்குக் கொடுத்த இலக்கம் அதன் ஆயுள் முழுக்க அதேதான். மாகாணம் மாறினால் முன்பு தகட்டில் உள்ள மாகாண எழுத்து மாறும். பழைய தகட்டை ஒப்படைத்துவிட்டுப் புதியதற்குக் காத்திருக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாகாண எழுத்தையே எடுத்துவிட்டார்கள். மேல் மாகாணத் தகட்டோடு வந்த கார் அதே தகட்டோடு களுவாஞ்சிகுடியில் ஓடலாம். இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனால் புதுப் பதிவு, புது நம்பர், தடையில்லாச் சான்றிதழ் என்று ஒரு பெரிய வேலை இருக்கிறது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர்கள் பலர் பயப்படுகிறார்கள். இங்கே மறுபதிவு என்று தனியாக எதுவும் இல்லை. இருப்பது உரிமை மாற்றம் ஒன்றுதான்.

உங்கள் வேகன் ஆரில் சிக்கல் அந்த உரிமை மாற்றத்தில்தான். நீங்கள் சொன்ன காருக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடலாம். புத்தகத்தில் பதிவு உரிமையாளராக இருக்கிறவர் கிரிபத்கொடைக்காரர். அதே புத்தகத்தில் முழு உரிமையாளராக, அதாவது நம் ஆட்கள் அப்சலூட் ஓனர் என்று சொல்லும் இடத்தில், லீசிங் கம்பனி இருக்கிறது. உங்களோடு விலை பேசும் குருநாகல்காரரின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை. தரகராக நடுவில் நிற்கும் அவர் காசை மட்டும் கேட்கிறார்.

ஓபன் பேப்பர் என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மிச்சம் எளிது. உரிமை மாற்றத்துக்கு இரண்டு படிவம் இருக்கிறது. எம்டிஏ 6 என்பது உரிமையை மாற்றிப் பதியச் சொல்லும் விண்ணப்பம், அதில் விற்பவரும் வாங்குபவரும் ஒப்பமிட வேண்டும். எம்டிஏ 8 என்பது "நான் இந்த வாகனத்தை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று பதிவு உரிமையாளர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிப்பது. ஓபன் பேப்பரில் முதல் ஓனர் இந்த இரண்டிலும் தன் ஒப்பத்தைப் போட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுவிடுவார். அந்தக் கடதாசி கார் கைமாறும்போதெல்லாம் கூடவே போகும். கடைசியில் யாராவது ஒருவர் தன் பெயரை எழுதிப் பதிவார். இடையில் வந்தவர்கள் பதிவுக் கட்டணமும் கட்டமாட்டார்கள், அலைச்சலும் படமாட்டார்கள். கார் வியாபாரிகள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். சட்டப்படி பார்த்தால், கார் கைமாறி 14 நாட்களுக்குள் பழைய உரிமையாளர் அறிவிக்கவும் வேண்டும், புதியவர் விண்ணப்பிக்கவும் வேண்டும். பிந்தினால் தண்டப்பணம்.

வெறும் ஒப்பம் எப்போது செல்லாக்காசாகும் என்று சொல்கிறேன். முதல் ஓனர் இறந்துவிட்டால் அந்த ஒப்பத்தை வைத்து மாற்ற முடியாது, வாரிசுகள் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு நீதிமன்றம் வரை இழுபடலாம். அவர் வெளிநாடு போய்விட்டால், ஏதாவது ஒரு எழுத்துப் பிழைக்குக்கூடத் திரும்ப ஒப்பம் வாங்க ஆள் இருக்காது. அவரது ஒப்பம் காலத்தோடு மாறியிருந்தால் கவுண்டரில் கேள்வி வரும். அடையாள அட்டையும் மாறியிருக்கலாம். புத்தகத்தில் பழைய 9 இலக்க எண்ணும் வி எழுத்தும் இருக்கும், ஆள் கையில் 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டை இருக்கும். இதைப் பார்த்து வேறு ஆள் என்று பதற வேண்டாம், நீங்களே சரிபார்க்கலாம். பழைய எண்ணின் முன்னால் 19 சேருங்கள், பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேருங்கள், கடைசி எழுத்தை விடுங்கள். புதிய அட்டையின் எண் வர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

இதெல்லாம் லீசிங் இல்லாத காருக்கே உள்ள தொல்லை. லீசிங் மிச்சமிருக்கும் காரை ஓபன் பேப்பரில் வாங்குவது வேறு கதை. ஏறாவூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு காரை வாங்கி, மாதாமாதம் கட்டுக்காசை இடைத்தரகரின் கையில் கொடுத்து வந்தார். தரகர் அதைக் கட்டவில்லை. ஒருநாள் காலையில் கம்பனி ஆட்கள் வந்து வீட்டு வாசலிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்குப் போனார், கம்பனி காட்டிய ஒப்பந்தத்தில் இவர் பெயர் எங்கும் இல்லை. லீசிங் ஒப்பந்தம் இருக்கும்வரை கார் கம்பனியுடையது. ஓட்டுகிறவர் யார் என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது.

ஆகவே நீங்கள் குருநாகலுக்குப் பஸ் ஏறுமுன் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். eservices.motortraffic.gov.lk என்ற திணைக்களத் தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் அந்தக் காரின் அடிப்படை விபரம் வரும். அதில் மூன்று வரியை நன்றாகப் பாருங்கள். Absolute Owner என்ற வரியில் கம்பனியின் பெயர் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள், தரகர் சொன்ன கம்பனியும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். சில சமயம் தரகர் "ஐந்தாறு தவணைதான் மிச்சம்" என்று ஒரு கம்பனியைச் சொல்வார், திரையில் வேறொன்று இருக்கும். Conditions and Special Note என்ற வரி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அங்கே ஏதாவது எழுதியிருந்தால் அது என்ன என்று தெளிவாகும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அரச அலுவலர்களுக்கு வரிச்சலுகையில் கொடுத்த பெர்மிட் வாகனங்களுக்கு விற்பனைத் தடை போட்டிருந்தால் அது இங்கேதான் தெரியும். Engine No என்ற வரியை அப்படியே எழுதிக் கையில் கொண்டுபோங்கள். ஜப்பானில் தயாரித்த 2014 வேகன் ஆர் என்றால் அது R06A என்று தொடங்க வேண்டும்.

காரைப் பார்க்கும் நாளில் அந்த எண் எஞ்சின் புளொக்கில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 2014 மொடலின் செசி எண் MH34S அல்லது MH44S என்று தொடங்கி, ஒரு கோடு விட்டு ஆறு இலக்கம் வரும். அது இரும்பிலேயே அடிக்கப்பட்டிருக்கும். அடித்த இடத்தைச் சுற்றி புதிய பெயின்ட், அரைத்த தடம், வெல்டிங் வரி ஏதாவது தென்பட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எஞ்சின் மாற்றியிருந்தால் அது குற்றம் இல்லை, ஆனால் மாற்றியதைத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிரச்சினை உங்கள் தலையில் வந்து விழும். காரின் நிறமும் புத்தகத்தில் இருக்கிறது. வெள்ளைக் காரை யாரோ சாம்பல் நிறமாக்கியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும்.

காரின் உடம்பைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும், விற்கிறவர் காட்டும் ஆளாக வேண்டாம். ஒன்றை மட்டும் நீங்களே செய்யுங்கள். சீட்பெல்ட்டைக் கடைசிவரை முழுதாக இழுத்து, சுருளின் அடியில் இருக்கும் பகுதியை மோந்து பாருங்கள், சேறு படிந்த கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பெயார் டயர் குழியில் துரு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, கடுவெல பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் அதைவிடப் பரந்தது. வெள்ளத்தில் நின்ற கார்களைக் கழுவிப் பூசி, தூர ஊர்க்காரருக்கு விற்பது சுலபம். சீட் உறையை மாற்றுவார்கள், சீட்பெல்ட்டை யாரும் மாற்றமாட்டார்கள்.

சரி, கார் பிடித்துவிட்டது. இனி கிரிபத்கொடைக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். தரகர் இதைத் தட்டிக்கழிப்பார். "அவர் பிசி, அவரோடு உங்களுக்கு என்ன வேலை, நான் இருக்கிறேன்தானே" என்பார். விடாதீர்கள். அவரோடு நேரே பேசாமல் இந்தக் காரை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. பேசிப் பார்த்தால் தெரியும், பல நேரம் முதல் ஓனர்தான் உங்களைவிட அவசரத்தில் இருப்பார். கார் அவர் பெயரில் இருக்கும்வரை கொழும்பில் கமராவில் சிக்கும் ஒவ்வொரு போக்குவரத்துக் குற்றத்துக்கும் அறிவித்தல் அவர் வீட்டுக்குத்தான் வரும், 2024 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. லீசிங் தவணை ஒன்று தவறினாலும் கிறிப் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் கறை அவருக்குத்தான். அடுத்த கடனுக்கு வங்கிக்குப் போனால் மறுப்பார்கள். அவருக்கும் உங்களுக்கும் இதில் தேவை ஒன்றுதான். சிங்களத்தில் பேச வராவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்துப் பேசுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது மூன்று விடயம்: காரை எப்போது, யாரிடம் கொடுத்தீர்கள், லீசிங் ஒப்பந்த எண் என்ன, ஒருநாள் கம்பனிக் கிளைக்கு வந்து ஒப்பமிடுவீர்களா.

இந்த மாதிரி விற்பனையில் இடையில் உள்ள குருநாகல்காரரின் பெயருக்கு ஒருமுறை, பிறகு உங்கள் பெயருக்கு ஒருமுறை என்று இரண்டு மாற்றம் தேவையில்லை. கிரிபத்கொடைக்காரரிடமிருந்து நேரே உங்களுக்கு மாற்றிவிடலாம். ஆனால் காசு வாங்குகிறவர் இடைக்காரர் என்பதால், சட்டத்தரணி ஒருவர் முன்னால் மூவரும் ஒப்பமிட்ட ஓர் உடன்படிக்கை இருக்க வேண்டும். காரின் இலக்கம், எஞ்சின் எண், செசி எண், மொத்த விலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, இந்தத் திகதிக்குள் கம்பனியின் பெயர் நீங்கிப் புத்தகம் வராவிட்டால் கொடுத்த காசைத் திருப்பித் தர வேண்டும், இவ்வளவும் அதில் இருந்தால் போதும். பெரிய சட்ட வசனங்கள் வேண்டாம்.

காசை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதை உங்கள் 58 இலட்சத்திலேயே காட்டுகிறேன். லீசிங்கில் மிச்சம் எவ்வளவு என்பதைத் தரகரின் வாயிலிருந்து கேட்காதீர்கள். முதல் ஓனர் கம்பனியிடம் செட்டில்மென்ட் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். அதில் இந்தத் திகதி வரை இந்தத் தொகை என்று எழுதியிருக்கும், திகதி தாண்டினால் வட்டி கூடும். அந்தக் கடிதத்தில் 14 இலட்சத்து 20 ஆயிரம் என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தரகர் "எட்டு பத்து இலட்சம்தான்" என்று சொல்லியிருப்பார். தவணை மிச்சத்தோடு பிந்திய கட்டணம், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எல்லாம் சேரும்போது கணக்கு மாறும். அந்த வித்தியாசம் உங்களுடையது இல்லை, அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. உங்கள் விலை 58தான்.

உடன்படிக்கை ஒப்பமிடும் நாளில் ஒரு இலட்சம் அட்வான்ஸ். அடுத்தது 14 இலட்சத்து 20 ஆயிரம், அதைத் தரகரின் கையிலும் கொடுக்காதீர்கள், முதல் ஓனரின் கையிலும் கொடுக்காதீர்கள். கம்பனியின் கணக்குக்கு, ஒப்பந்த எண்ணைக் குறித்து, நீங்களே வைப்பிலிடுங்கள். அந்த வைப்புச் சீட்டு உங்களிடம் இருக்கட்டும். இந்த இடத்தில் உங்கள் 15 இலட்சத்து 20 ஆயிரம் வெளியே போய்விட்டது, கையில் காரும் இல்லை, புத்தகமும் இல்லை. இந்த இடைவெளியைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் காசு வந்த பிறகுதான் கம்பனி தன் பெயரை நீக்கும் கடிதத்தையும் படிவங்களையும் ஒப்பமிட்டு, பெட்டகத்தில் வைத்திருக்கும் புத்தகத்தை வெளியே விடும். சில கிளைகளில் சில நாளில் முடியும், தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்றால் இழுக்கும். எவ்வளவு நாளாகும் என்று காசு கட்டுமுன்பே கிளை அலுவலரிடம் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். உடன்படிக்கை பயன்படுவதே இந்த நாட்களுக்காகத்தான்.

புத்தகமும் நீக்கக் கடிதமும் வெளியே வரும் நாளில் மூவரும் குருநாகல் கிளையில் சந்தியுங்கள். அங்கே முதல் ஓனர் உங்கள் கண் முன்னால் எம்டிஏ 6இலும் 8இலும் ஒப்பமிடட்டும். உங்கள் பெயர், முகவரி, திகதி எல்லாம் அப்போதே நிரப்பப்படட்டும், ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. அவரது அடையாள அட்டையின் பிரதியில் அவரையே ஒப்பமிடச் சொல்லி வாங்குங்கள். இப்போது 40 இலட்சத்து 80 ஆயிரத்தை வங்கி மூலம் குருநாகல்காரருக்கு மாற்றிவிட்டு, சாவியையும் காரையும் எடுக்கலாம். மிச்சம் 2 இலட்சம். அதைத் திணைக்களம் விண்ணப்பத்தை ஏற்று ரசீது தரும்வரை வைத்துக்கொள்வதாக உடன்படிக்கையில் முன்பே எழுதியிருக்க வேண்டும். தரகர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அந்த 2 இலட்சம் இருந்தால் கவுண்டரில் ஒப்பம் பிழை என்று சொன்னாலும் போனுக்குப் பதில் வரும்.

நீங்கள் எப்படியும் லீசிங்கில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இவ்வளவும் பாதியாகக் குறையும். உங்கள் கம்பனி பழைய கம்பனிக்கு நேரே காசைக் கட்டி, புத்தகத்தை எடுத்து, தன் பெயரை முழு உரிமையாளராகப் போட்டு மாற்றிவிடும். கம்பனி தன் காசுக்காகக் கடதாசியை நம்மைவிடக் கவனமாகப் பார்க்கும். ஆனால் இந்த வசதிக்காக மட்டும் வட்டிக்குள் இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு ஓட்டிவரும் பயணத்துக்குக் காப்புறுதியைப் பாருங்கள். காரில் இருக்கும் காப்புறுதிப் பத்திரம் முன்னவரின் பெயரில் உள்ள ஒப்பந்தம். காரோடு அது உங்களிடம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வழியில் ஏதாவது நடந்தால் நட்டஈடு கேட்கும்போது "இவர் யார்?" என்ற கேள்வி வரும். அவரது நோ க்ளெய்ம் போனஸும் அவரோடுதான் போகும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உங்களுக்குத் தெரிந்த காப்புறுதி முகவரிடம் முதல்நாளே சொல்லிவைத்தால், புத்தகப் பிரதியையும் ஒப்பமிட்ட எம்டிஏ 6 பிரதியையும் போனில் அனுப்பியதும் தற்காலிகக் காப்புறுதியான கவர் நோட் எடுத்துத் தருவார். அதை எடுத்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று சிக்கனம் பார்க்கும் காரில்லை இது, 58 இலட்சம். அந்தப் பயணத்தைப் பகலிலேயே வையுங்கள். தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை என்று வரும் அந்தப் பாதையில் பொழுது பட்ட பிறகு யானை நிற்கும். பழகாத காரில் பழகாத ஹெட்லைட்டோடு அதைச் சந்திக்க வேண்டாம்.

கார் கைமாறிய நாளிலிருந்தே 14 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். மட்டக்களப்புக் கச்சேரியோடு இருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம், அம்பாறை ஆட்களுக்கு அம்பாறையில் இருக்கிறது. நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்கும் போகலாம். கொழும்பில் வேறு வேலையும் இருந்தால் ஒழிய நான் மாவட்ட அலுவலகத்தையே சொல்வேன். பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதி, ஒப்பமிட்ட இரண்டு படிவம், கம்பனியின் நீக்கக் கடிதம், இருவரின் அடையாள அட்டைப் பிரதி, வருமான அனுமதிப்பத்திரத்தின் பிரதி, இவை கையில் இருக்க வேண்டும். புத்தகத்தைக் கொடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று இருக்கிறது, நம் பக்கத்தில் பலர் அது தெரியாமல் கவுண்டர் வரை போய்த் திரும்புகிறார்கள். 2025 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து கார் போன்ற வாகனங்களின் உரிமை மாற்றத்துக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் இலக்கம் வேண்டும். அது வைத்திருப்பதால் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை, வெறும் பதிவு இலக்கம்தான். இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். கார் பார்க்கத் தொடங்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

படிவத்தில் உங்கள் பெயரை அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து எங்கே வருகிறது, ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடவா குறையவா என்பதில்தான் குழப்பம் வரும். வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருந்தால் அடையாள அட்டையில் உள்ளதுதான் இங்கே கணக்கு. முகவரியும் அப்படியே. ஏனென்றால் அடுத்த வருட வருமான அனுமதிப்பத்திரம் இந்த முகவரியை வைத்துத்தான்.

அந்த அனுமதிப்பத்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மேல் மாகாணப் பத்திரம் அதில் போட்டிருக்கும் திகதி வரை செல்லும், உரிமை மாறியதும் புதிதாக எடுக்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் வாங்கும்போதே அந்தத் திகதியைப் பாருங்கள். தரகர் கையில் மாதக்கணக்கில் நின்ற கார்களுக்குப் பத்திரம் காலாவதியாகியிருக்கும், நிலுவையும் தண்டமும் சேர்த்து நீங்கள்தான் கட்டவேண்டி வரும். அதை விலையில் கழியுங்கள், அல்லது அவரையே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். முடிவுத் திகதி வந்ததும் களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தில் மோட்டார் வாகனப் பிரிவுக்குப் போய்ப் புதுப்பிக்கலாம். பழைய பத்திரம், உங்கள் பெயரில் உள்ள காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், புதிய பெயரில் உள்ள புத்தகப் பிரதி வேண்டும். புகைப் பரிசோதனையை லாஃப்ஸ் அல்லது க்ளீன்கோ நிலையம் எதிலும் செய்யலாம். வேகன் ஆருக்கு அதில் தவறுவது அரிது, தவறினால் எயார் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றிவிட்டுத் திரும்பப் போங்கள்.

புதிய புத்தகம் கைக்கு வந்ததும் உறையைப் பிரித்து அங்கேயே வாசியுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால் நீக்கக் கடிதம் கோப்பில் சேரவில்லை என்று அர்த்தம். அதே வாரத்தில் ரசீதோடு திரும்பிப் போங்கள், நாளாக நாளாக அந்தக் கடிதத்தைத் தேடுவது கடினமாகும். எஞ்சின் எண், செசி எண், பெயர், முகவரி எல்லாம் நீங்கள் எடுத்த போட்டோவோடு ஒத்துப்போனால், முகவரிடம் பிரதியைக் கொடுத்து கவர் நோட்டை முழுக் காப்புறுதியாக மாற்றச் சொல்லுங்கள். கிரிபத்கொடைக்காரருக்கும் ஒரு போட்டோ அனுப்பிவிடுங்கள், இனி கமரா அறிவித்தல் ஏதாவது அவர் வீட்டுக்குப் போனால் திணைக்களத்தில் காட்ட அவருக்கு அது உதவும்.